‘எங்களையும் உங்கள் பாலிசியில் சேருங்கள்’: காற்றாலை ஒப்பந்தத்தின் காப்பீட்டு ஷரத்தை எப்படிப் பேசுவது

தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாக இறங்கி வருவதால்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போடுவது, சைட்டுக்குள் ரோடு போடுவது, கேபிள் பள்ளம் தோண்டுவது எல்லாம் பெரும்பாலும் தேனி, உத்தமபாளையம், பெரியகுளம் பக்கத்துக் கான்ட்ராக்டர்களின் வேலை. வேலை நம் ஊருடையது என்றாலும், கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்தில் எழுதப்பட்ட மாதிரியிலிருந்து வருகிறது. விலை, பில் தேதி, பிடித்தம் இவற்றையெல்லாம் நம் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். காப்பீட்டுப் பகுதி வந்ததும் ‘அது இன்சூரன்ஸ்காரர் பார்த்துக்குவார்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வாசகம் இருக்கும்:

> கான்ட்ராக்டர் தன்னுடைய எல்லாப் பாலிசிகளிலும் நிறுவனத்தையும், அதன் துணை நிறுவனங்களையும், அலுவலர்களையும், அதற்குக் கடன் கொடுத்தவர்களையும் அடிஷனல் இன்ஷ்யூர்டாகச் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டரும் அவருடைய காப்பீட்டுக் கம்பெனிகளும் மேற்சொன்னவர்கள் மீதான எல்லா உரிமைகளையும், சப்ரோகேஷன் உரிமை உட்பட, விட்டுக்கொடுக்கிறார்கள்.

இரண்டே வாக்கியம். முதலாவது, உங்கள் பாலிசியின் நிழலில் நிறுவனமும் நிற்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, நிறுவனத்தின் தவறால் உங்களுக்கு நஷ்டம் வந்து காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அந்தக் கம்பெனி திரும்ப நிறுவனத்தின் மீது வழக்குப் போடக்கூடாது என்கிறது. இரண்டையும் அப்படியே ஏற்கவும் வேண்டாம், அப்படியே மறுக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்க வேண்டிய இடத்தில் தயங்காமல் ஏற்றுக்கொண்டால்தான், மறுக்க வேண்டிய இடத்தில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

சப்ரோகேஷன் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் இந்தியா முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தொடங்கிய வழக்கில் வந்ததுதான். சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை 1995 அக்டோபரில் பனியன் துணிக்கான பருத்தி நூலை எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் என்ற லாரி நிறுவனம் மூலம் கல்கத்தாவுக்கு அனுப்பியது. சரக்கின் மதிப்பு சுமார் 7.7 லட்சம் ரூபாய். வழியில் விபத்து, சரக்கு பாழ். நேஷனல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி சர்வேயர் அறிக்கையின் பேரில் ஆலைக்கு 4,47,436 ரூபாய் கொடுத்தது. பணத்தை வாங்கிக்கொண்ட ஆலை, முத்திரைத்தாளில் ஒரு சப்ரோகேஷன் கடிதம் எழுதிக் கொடுத்தது. பிறகு ஆலையும் காப்பீட்டுக் கம்பெனியும் சேர்ந்து லாரி நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தன. வழக்கு மேலே மேலே போய், 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. லாரி நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

நீதிபதி ரவீந்திரன் எழுதிய அந்தத் தீர்ப்பிலிருந்து நமக்குத் தேவையானது இவ்வளவுதான். நஷ்டஈடு கொடுத்த காப்பீட்டுக் கம்பெனி, நஷ்டப்பட்டவரின் இடத்தில் ஏறி நிற்கிறது. தவறு செய்தவர் மீது அவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதே உரிமைதான் கம்பெனிக்கு. அதைவிட ஒரு பிடி கூட அதிகம் கிடையாது. இதற்கென்று தனிக் கடிதம் எழுதிக் கொடுக்காவிட்டாலும், பணம் கொடுத்ததாலேயே இந்த உரிமை பிறந்துவிடுகிறது.

‘அதைவிட அதிகம் கிடையாது’ என்பதை அழுத்திப் படியுங்கள். ஒப்பந்தத்தில் நீங்களே நிறுவனத்தின் மீதான உரிமைகளை முன்கூட்டி விட்டுக்கொடுத்துவிட்டால், பின்னால் உங்கள் இடத்தில் ஏறி நிற்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கு அங்கே எதுவும் மிச்சமிருக்காது. கம்பெனிக்குச் சொல்லாமல், அதன் கைக்கு வரவேண்டிய உரிமையை நீங்கள் அழித்திருக்கிறீர்கள். கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்பார். அப்போது இந்த வாசகம் கண்ணில் பட்டால், ‘எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள், முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டீர்கள்’ என்று கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆகவே இந்த ஷரத்தில் நிறுவனத்தோடு பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக் கம்பெனியோடும் பேசியாக வேண்டும். ஒப்பந்தத்தின் காப்பீட்டுப் பகுதியை அப்படியே நகலெடுத்து, பாலிசி எடுக்கும் முன்னால் கிளை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

இனி ஏற்க வேண்டிய இடம். கட்டுமான வேலைக்கு நம் ஆட்கள் எடுப்பது சி.ஏ.ஆர். பாலிசி, அதாவது கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க். இதில் முதல் பிரிவு கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு வரும் சேதத்துக்கு. இரண்டாம் பிரிவு வேலையால் மூன்றாம் நபருக்கு வரும் நஷ்டத்துக்கு. முதல் பிரிவில் நிறுவனத்தைச் சேர்ப்பதில் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 பதிப்பே வேலைக்கான காப்பீட்டை இரு தரப்பின் கூட்டுப் பெயரில் எடுக்கச் சொல்கிறது. வரும் பணம் சேதத்தைச் சரிசெய்ய மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பாதிக் கட்டிய அஸ்திவாரத்தில் நிறுவனத்தின் பணமும் இருக்கிறது, நம் பணமும் இருக்கிறது. அதனால் இந்தக் கோரிக்கை நியாயமானது.

இன்னொரு விஷயமும் உண்டு. சி.ஏ.ஆர். பாலிசியின் பொது நிபந்தனைகளில் சப்ரோகேஷனைப் பற்றிய நிபந்தனையைத் தேடிப் படியுங்கள். நஷ்டத்துக்குக் காரணமானவர்களிடமிருந்து பணத்தை மீட்க நீங்கள் கம்பெனிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லும் அந்த வாக்கியத்தின் நடுவே, ‘இந்தப் பாலிசியில் காப்பீடு பெற்றவர்கள் நீங்கலாக’ என்ற பொருளில் ஓர் அடைப்புக்குறி வழக்கமாக இருக்கும். மியூனிக் ரீ என்ற ஜெர்மன் மறுகாப்பீட்டுக் கம்பெனியின் மாதிரிப் படிவத்திலிருந்து வந்தது அது. அந்த அடைப்புக்குறி நம் வேலையில் பாதியை முடித்துவிடுகிறது. நிறுவனத்தின் பெயரும் பாலிசி அட்டவணையில் இருந்தால், முதல் பிரிவு நஷ்டத்துக்காகக் கம்பெனி அந்த நிறுவனத்தின் மீது திரும்பிப் பாயாது. லண்டனில் 1983-ல் பெட்ரோஃபினா எதிர் மேக்னாலோட் வழக்கிலும் இதே தர்க்கம்தான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்தில் தூக்கு சாதனம் சரிந்து விழுந்தது. பணம் கொடுத்த காப்பீட்டாளர்கள் துணைக் கான்ட்ராக்டர்கள் மீது வழக்குப் போட்டார்கள். அவர்களும் அதே பாலிசியில் காப்பீடு பெற்றவர்கள் என்பதால் வழக்கு நிற்கவில்லை.

ஆகவே நிறுவனத்திடம் இப்படிச் சொல்லலாம்: ‘சி.ஏ.ஆர். பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம். நீங்கள் கேட்கும் விட்டுக்கொடுப்பு அதிலேயே அடங்கிவிடுகிறது. தனியாக வேண்டுமென்றால் எண்டார்ஸ்மென்டும் வாங்கித் தருகிறோம்.’ முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மை விஷயம் தெரிந்தவராகப் பார்க்கத் தொடங்குவார்.

இரண்டாம் பிரிவில்தான் நிறுவனங்களே யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்க்கச் சொல்லிக் கேட்பது தங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நபர் பிரிவு என்பது பாலிசிக்கு வெளியே இருப்பவருக்கானது. கான்ட்ராக்டருடைய சொத்து, வேலை கொடுத்தவருடைய சொத்து, அவர்கள் பொறுப்பில் இருக்கும் சொத்து ஆகியவற்றுக்கு வரும் சேதத்தை அந்தப் பிரிவு வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. கேபிள் பள்ளம் தோண்டும் நம் ஜே.சி.பி., பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் நிலத்தடிக் கேபிளை அறுத்துவிட்டது என்று வையுங்கள். அந்தக் காற்றாலையும் அதே நிறுவனத்துடையது. முதல் பிரிவில் அது வராது, ஏனென்றால் அது கட்டிக்கொண்டிருக்கும் வேலை இல்லை. இரண்டாம் பிரிவிலும் வராது, ஏனென்றால் அது வேலை கொடுத்தவரின் சொத்து. நஷ்டம் ஒப்பந்தத்தின் ஈட்டுறுதி ஷரத்து வழியாக நேராகக் கான்ட்ராக்டரின் சொந்தப் பணத்தில் வந்து நிற்கும்.

இதற்கு இரண்டு எண்டார்ஸ்மென்ட்கள் வேண்டும். ஒன்று கிராஸ் லயபிலிட்டி: அட்டவணையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாலிசி கொடுத்தது போல மூன்றாம் நபர் பிரிவு வேலை செய்யும். இன்னொன்று, வேலை கொடுத்தவரின் சுற்றுப்புறச் சொத்துக்கான எண்டார்ஸ்மென்ட். முதலாவது மட்டும் போதும் என்று பல ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். கேபிள் அறுந்த கதைக்கு இரண்டாவதும் தேவை. அதற்கு ஒரு தொகை வரம்பும் கூடுதல் பிரீமியமும் உண்டு. நிறுவனத்தின் நன்மைக்காக வாங்குவது என்பதால் அந்தப் பிரீமியத்தை அவர்களிடம் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். பிரீமியம் ரசீதைக் காட்டினால் பில்லில் சேர்த்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

சேர்ப்பதற்கு ஓர் எல்லையும் வேண்டும். ‘கான்ட்ராக்டர் செய்யும் வேலையிலிருந்து எழும் பொறுப்பு அளவுக்கு மட்டும்’ என்று அந்த எல்லையைப் போடுங்கள். அது இல்லாவிட்டால், காற்றாலை இறக்கை விழுந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் வழக்குப் போட்டாலும் ‘உங்கள் பாலிசியில் நாங்களும் இருக்கிறோமே’ என்று வருவார்கள். அஸ்திவாரம் போட்டவருக்கும் இறக்கைக்கும் என்ன சம்பந்தம்? அந்த வழக்கில் உங்கள் பாலிசியின் வரம்பு தீர்ந்துபோனால், அடுத்த விபத்தில் உங்களுக்கே காப்பு இருக்காது.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். மேலே கொடுத்த வாசகத்தை மறுபடி பாருங்கள். ‘கான்ட்ராக்டரும் அவருடைய காப்பீட்டுக் கம்பெனிகளும் எல்லா உரிமைகளையும்’ என்று இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனியின் உரிமை போவது ஒன்று. கான்ட்ராக்டரின் சொந்த உரிமை போவது வேறு. காப்பீடு கொடுக்காத நஷ்டத்துக்கும் நீங்கள் நிறுவனத்தைக் கேட்க முடியாது என்று இந்த ஒற்றை வாக்கியம் சொல்லிவிடுகிறது.

கணக்காகப் பார்ப்போம். ஓர் அஸ்திவார வேலை, ஒப்பந்த மதிப்பு 5 கோடி. கம்பியையும் ஆங்கர் கேஜையும் நிறுவனமே வாங்கிக் கொடுக்கிறது, அதன் மதிப்பு 1.25 கோடி. கான்ட்ராக்டர் தன் 5 கோடிக்கு மட்டும் சி.ஏ.ஆர். எடுத்துவிடுகிறார். பாலிசியோ, வேலை கொடுத்தவர் தரும் பொருளையும் சேர்த்து முழு மதிப்புக்கு எடுக்கச் சொல்கிறது. முழு மதிப்பு 6.25 கோடி, எடுத்தது அதில் 80 சதவீதம். நிறுவனத்தின் ஆட்கள் ஓட்டிய கிரேன் பின்னால் வந்து, நிறுத்திவைத்த கூண்டையும் பலகையையும் இடித்துச் சாய்க்கிறது. சரிசெய்ய 20 லட்சம். எடுத்த விகிதத்தில் 80 சதவீதம் என்றால் 16 லட்சம். பாலிசியின் எக்ஸஸ் 1 லட்சம் என்று வைத்தால் கைக்கு வருவது 15 லட்சம். மீதி 5 லட்சம்?

தவறு செய்தது நிறுவனத்தின் கிரேன். ஆனாலும் ‘எல்லா உரிமைகளையும்’ விட்டுக்கொடுத்த கான்ட்ராக்டர் அந்த 5 லட்சத்தைத் தானே விழுங்க வேண்டும். ‘காப்பீட்டிலிருந்து உண்மையில் கிடைத்த தொகை அளவுக்கு மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்திருந்தால், 15 லட்சத்துக்கு யாரும் யாரையும் கேட்க முடியாது. எக்ஸஸையும் மீதியையும் நிறுவனத்திடம் கேட்கும் உரிமை உயிரோடு இருக்கும். குறைத்து எடுத்தது உங்கள் தவறு என்று, விகிதத்தில் வெட்டுப்பட்ட 4 லட்சத்தில் அவர்கள் வாதாடலாம். அதனால்தான் அவர்கள் தரும் பொருளின் மதிப்பை எழுத்தில் வாங்கி, அதையும் சேர்த்துப் பாலிசி எடுங்கள் என்கிறேன். எக்ஸஸ் 1 லட்சத்தில் அவர்களுக்கு அந்த வாதமும் கிடையாது. இந்த ஷரத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் செய்ய முடியும் என்று யாராவது என் கையைக் கட்டினால், நான் கேட்பது இந்தச் சொற்களைத்தான்.

அதோடு விட்டுக்கொடுப்பு இரு பக்கமும் இருக்கட்டும் என்று கேளுங்கள். நிறுவனம் தன் ஓடும் காற்றாலைகளுக்குத் தனியாகப் பாலிசி வைத்திருக்கும். நம் தவறால் அங்கே நஷ்டம் வந்தால், அவர்களுடைய காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு நம் மீது வழக்குப் போடும். திண்டுக்கல்லில் லாரி நிறுவனத்துக்கு நடந்தது போல. அங்கேயும் அவர்கள் விட்டுக்கொடுப்பு வாங்கித் தர வேண்டும். ‘எங்கள் குளோபல் பாலிசியில் அதற்கு இடமில்லை’ என்பார்கள். அப்படியென்றால் நம் பொறுப்புக்கு ஒரு தொகை உச்சவரம்பு போடுங்கள் என்று கேட்க நமக்கு நியாயம் பிறக்கிறது.

‘எல்லாப் பாலிசிகளிலும்’ என்பதையும் விடாதீர்கள். டிப்பர் லாரியின் மோட்டார் பாலிசியில் நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதற்கு வழியுமில்லை, பயனுமில்லை. எந்தெந்தப் பாலிசி என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனிக் கதை. நிறுவனம் நம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முதலாளி இல்லை; அதனால் அந்தப் பாலிசியில் அதைக் காப்பீடு பெற்றவராகச் சேர்ப்பது பொருந்தாது. ஆனால் அதன் பயம் உண்மையானது. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி, தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டவரிடமும் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு கேட்கலாம்; கொடுத்தவர் அதைக் கான்ட்ராக்டரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். 13-ம் பிரிவு, விபத்துக்குக் காரணமான வெளியாரிடமிருந்து இழப்பீடு கொடுத்தவர் மீட்டுக்கொள்ள வழி செய்தது. இந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருந்தாலும் ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். நிறுவனத்தின் பயத்துக்குச் சரியான மருந்து ‘இண்டெம்னிட்டி டு பிரின்சிபல்’ என்ற எண்டார்ஸ்மென்ட். தொழிலாளி நேராக நிறுவனத்தைக் கேட்டால், அந்தப் பணத்தை நம் பாலிசி கொடுக்கும். அதைத் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

ஆனால் நிறுவனத்தின் சொந்தக் கவனக்குறைவால் நம் ஆள் இறந்தால், அதற்கான மீட்பு உரிமையை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். இதற்கும் ஃபிடிக் துணைக்கு வருகிறது. கான்ட்ராக்டரின் ஆட்களுக்கான காப்பீட்டில் வேலை கொடுத்தவருக்கும் காப்பு வேண்டும் என்று சொல்லும் அதே 18.4 ஷரத்து, அவருடைய செயலாலோ அலட்சியத்தாலோ வரும் நஷ்டத்தை அந்தப் பாலிசி விலக்கிவைக்கலாம் என்கிறது. உலக வங்கிப் பணத்தில் நடக்கும் வேலைகளுக்குப் போதுமான ஏற்பாடு ஒரு காற்றாலை நிறுவனத்துக்குப் போதாது என்று அவர்கள் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சில ஒப்பந்தங்களில் ‘சி.ஜி. 20 10’, ‘சி.ஜி. 20 37’ என்று எண்கள் போட்டு, அந்தப் படிவத்திலேயே எண்டார்ஸ்மென்ட் வேண்டும் என்றிருக்கும். அவை அமெரிக்காவின் பொதுப் பொறுப்புப் பாலிசிக்கான படிவங்கள். முதலாவது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு, இரண்டாவது முடித்துக் கொடுத்த வேலைக்கு. நம் சி.ஏ.ஆர். பாலிசியில் ஒட்டுவதற்கானவை அல்ல. எண்களை அடித்துவிட்டு ‘இந்தியாவில் கிடைக்கும் இதற்கு இணையான எண்டார்ஸ்மென்ட்’ என்று எழுதச் சொன்னால், பெரும்பாலும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவது எண்ணின் பின்னால் இருக்கும் கோரிக்கையை மட்டும் கவனியுங்கள்: வேலை முடிந்து பல ஆண்டுகளுக்கும் அவர்களை இன்ஷ்யூர்டாக வைத்திருக்கச் சொல்வது அது. சி.ஏ.ஆர். பாலிசி வேலையை ஒப்படைத்ததும் முடிந்துவிடும். பராமரிப்புக் கால எண்டார்ஸ்மென்ட் வாங்கினால் அந்தக் காலம் வரை ஓரளவு நீளும். அதற்கு மேல் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டால், கடையில் இல்லாத சரக்குக்கு ரசீது போட்டது போலாகிவிடும். பராமரிப்புக் காலம் முடியும் நாளையே கடைசி நாளாக எழுதி வாங்குங்கள்.

எல்லாம் பேசி முடித்தபின் கையில் வாங்க வேண்டியது எண்டார்ஸ்மென்ட்தான், ‘காப்பீடு இருக்கிறது’ என்று சான்று சொல்லும் ஒற்றைத் தாள் அல்ல. 1938-ம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பை ஏற்க முடியாது. கூடுதல் பிரீமியம் கட்டாத எண்டார்ஸ்மென்ட், மெயிலில் ‘செய்துவிடலாம் சார்’ என்று வந்த பதில், இரண்டுக்கும் கிளெய்ம் நேரத்தில் பலமில்லை. எண்டார்ஸ்மென்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? காற்றாலைத் தொழிலில் ஒரே குழுமத்தில் பல கம்பெனிகள் இருக்கும். வேலை கொடுப்பது ஒன்று, நிலம் வைத்திருப்பது இன்னொன்று. சைட் விலாசத்தில் கிராமமும் சர்வே எண்ணும் சரியா? தொடங்கும் தேதி, முதல் ஜே.சி.பி. சைட்டுக்குள் நுழைவதற்கு முந்தையதா? முன்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். எண்டார்ஸ்மென்ட் வரும் வரை வண்டியை இறக்காதீர்கள். அந்தத் தாமதத்துக்கு அபராதம் இல்லை என்பதையும் அதே காப்பீட்டுப் பகுதியில் எழுதி வாங்கிவிடுங்கள்.